முன்னாடி, இப்போ: ஒரு அப்டேட் கேரசல் செஞ்ச அனுபவம்

சின்ன சாஃப்ட்வேர் டீம் ஏதாவது புது வசதி விட்டா இன்ஸ்டாகிராம்ல ஒவ்வொரு படமா தள்ளிப் பாக்கற ஒரு கேரசல் வரும், பாத்திருப்பீங்க. முதல் ஸ்லைடுல பெரிய எழுத்துல "புதிய அப்டேட்", அடுத்ததுல ரெண்டு போன் படம் பக்கத்து பக்கத்துல, இடது பக்கம் பழைய ஸ்கிரீன், வலது பக்கம் புது ஸ்கிரீன், நடுவுல ஒரு அம்புக்குறி. லேப்டாப்ல பாத்தா அம்சமா இருக்கும். எம்ஆர்டி ரயில்ல நின்னுகிட்டு ஒரு கையில போன வச்சு பாக்கறவங்களுக்கு ரெண்டு ஸ்கிரீன்லயும் என்ன எழுதியிருக்குன்னே தெரியாது, அம்புக்குறி மட்டும் நல்லா தெரியும்.

நாங்க சிங்கப்பூர்ல காலாங் பக்கம் ஒரு சின்ன டீம், கேட்டரிங் கடைகளுக்கு ஆர்டர், பில் எல்லாம் பாத்துக்கற ஆப் பண்றோம். டிசைன் வேலையோட இந்த மாதிரி போஸ்ட் போடற வேலையும் என் தலையில தான். இங்க வங்கி ஆப்ல இருந்து உடனே காசு அனுப்பற முறை தான் பேநவ், தீபாவளி சீசனுக்கு முன்னாடி அந்த பேநவ் வரவை பில்லோட தானா சேர்க்கற வசதி ஒண்ணு விட்டோம், அதுக்கு கேரசல் செஞ்சப்போ கத்துகிட்டது தான் இது.

வசதி என்னன்னு முதல்ல சொல்லிடறேன், இல்லன்னா மத்தது புரியாது. முன்னாடி ஒரு கேட்டரிங் பாஸ் பில் அனுப்புவார், கஸ்டமர் பேநவ்ல காசு போடுவாங்க, பாஸ் வங்கி ஆப்ப தொறந்து எந்தத் தொகை வந்திருக்குன்னு பாத்து, எங்க ஆப்புக்கு வந்து அந்த பில்ல தேடி "காசு வந்துருச்சு"ன்னு அமுக்கணும். இப்போ பில்லுல வர்ற கியூஆர் உள்ளயே பில் நம்பர் இருக்கும், காசு விழுந்ததும் வங்கில இருந்து வர்ற வரவு அறிவிப்புல அந்த நம்பர் வரும், தொகையும் நம்பரும் ஒத்துப்போனா பில் தானா மூடிக்கும். அவ்ளோ தான். ஸ்கிரீன்ல பெருசா எதுவும் மாறல, லிஸ்ட்ல பாக்கின்னு இருந்தது வந்துருச்சுன்னு மாறும், மேல மொத்த பாக்கி குறையும். மாற்றம் இவ்ளோ சின்னதா இருக்கறதால தான் அதைப் படத்துல காட்டறது கஷ்டம்.

எங்க டீம்ல புதுசா சேந்த தம்பி ஒருத்தர் முதல் டிராஃப்ட் செஞ்சார், மேல சொன்ன அதே பக்கத்து பக்கத்து படம். அழகா தான் செஞ்சிருந்தார். உக்காந்து கணக்கு போட்டு பாத்தோம். ஸ்லைடு அளவு 1080க்கு 1350. அதுல ரெண்டு முழு போன் ஸ்கிரீன் வச்சு ஓரத்துலயும் நடுவுலயும் இடம் விட்டா ஒவ்வொண்ணுக்கும் 480 பிக்சல் அகலம் தான் கிடைக்கும். அதாவது ஸ்லைடு அகலத்துல 44 சதவீதம். போன்ல ஸ்லைடு முழு அகலத்துக்கு வரும்னு வச்சுகிட்டாலும், நம்ம ஆப்ல 17 பாயின்ட்ல இருக்கற எழுத்து அங்க ஏழரை பாயின்ட்டா தெரியும். மருந்து பாட்டில் லேபிள் மாதிரி. பில் தொகை, "பாக்கி" எல்லாமே அந்த சைஸ்ல தான், மாற்றம் நடக்கறதே அந்த எழுத்துல தான்.

அதனால முழு ஸ்கிரீன் காட்டற எண்ணத்தையே விட்டோம். ஆப் ஸ்கிரீனோட முழு அகலத்தையும் எடுத்து, உயரத்துல மட்டும் வெட்டினோம். 1000 பிக்சல் அகலம், 800 உயரம், ரெண்டு ஓரமும் 40 பிக்சல் விட்டு. அப்போ எழுத்து கிட்டத்தட்ட ஆப்ல இருக்கற அதே சைஸ்ல வரும், 92, 93 சதவீதம். இந்த வெட்டுக்குள்ள எங்க லிஸ்ட்ல நாலு பில் வரி அடங்குச்சு. மிச்சம் இருக்கற 550 பிக்சல் உயரத்துல தலைப்பும் மொத்த பாக்கித் தொகையும். நாலு வரி போதுமான்னு கேட்டாங்க, போதும், ரெண்டு மாறணும் ரெண்டு மாறக்கூடாது, அதுக்கு நாலு தான் வேணும். மேல நேரம், பேட்டரி எல்லாம் காட்டற பட்டையும் வெட்டுல போயிடுச்சு, ஒண்ணுல பேட்டரி 12 சதவீதம் இன்னொண்ணுல 80ன்னு கண்ண உறுத்தற பிரச்சனையும் அதோட போச்சு.

அந்த 40 பிக்சல் ஓரம் சும்மா விட்டதில்ல. இன்ஸ்டாகிராம் 2025 ஜனவரில ப்ரொஃபைல் கட்டங்களை சதுரத்துல இருந்து மூணுக்கு நாலா மாத்துச்சு. 1080க்கு 1350 படத்த அந்தக் கட்டத்துல காட்டும்போது ரெண்டு பக்கமும் சுமார் 34 பிக்சல் வெட்டுப்படும். ஓரத்தோட ஒட்டி எழுத்து வச்சவங்க ப்ரொஃபைல்ல முதல் எழுத்து காணாம போயிருக்கும். இன்னொண்ணு, அங்க முதல் ஸ்லைடு என்ன வடிவமோ மத்த ஸ்லைடையும் அதே வடிவத்துக்கு வெட்டிடும், அதனால எல்லா ஸ்லைடும் ஒரே அளவுல செய்யறது தான் நிம்மதி.

இப்போ முக்கியமான விஷயம். பழசும் புதுசும் ஒரே ஸ்லைடுல வேண்டாம்னு ஆனப்புறம் அடுத்தடுத்த ஸ்லைடுல வச்சோம். ரெண்டாவது ஸ்லைடு பழசு, மூணாவது புதுசு. ரெண்டுலயும் வெட்டு அதே இடத்துல ஆரம்பிக்கும், அதே உயரத்துல முடியும், பில் வரிகள் ஒரு பிக்சல் கூட நகராது, தலைப்பும் அதே வரி எண்ணிக்கை. இப்படி வச்சா விரல் தள்ளி நிக்கறப்போ கண்ணு அதே இடத்துலயே இருக்கும், மாறினது மட்டும் மாறினதா தெரியும். அம்புக்குறியும் வேண்டாம் சிவப்பு வட்டமும் வேண்டாம். வரி பத்து பிக்சல் மேல கீழ நகந்தா கூட எல்லாமே மாறின மாதிரி இருக்கும், அப்புறம் எது நிஜமா மாறுச்சுன்னு தேட வேண்டியது தான். இதை செக் பண்ண ஈஸியான வழி, டிசைன் ஆப்ல ரெண்டு ஸ்லைடையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு மேல இருக்கறத மறைச்சு மறைச்சு காட்டி பாக்கறது. துள்ளினா தப்பு.

இதுக்கு ரெண்டு ஸ்கிரீன்லயும் ஒரே டேட்டா இருக்கணும். இங்க தான் நிறைய பேர் சறுக்கறாங்க, வேணும்னே கூட சறுக்கறாங்க. தம்பியோட டிராஃப்ட்ல பழைய ஸ்கிரீன்ல முழுக்க சிவப்புல பாக்கி, பேரு நீளமா நெருக்கியடிச்சு, புதுசுல மூணே மூணு பில், எல்லாம் பச்சை. பாத்ததும் நல்லா இருந்துச்சு. எங்க சப்போர்ட் பாக்கற அக்கா ஒரு தடவை பாத்துட்டு, "இது நம்ம பழைய ஸ்கிரீனே இல்லையேப்பா, தினமும் அதைத் தொறந்து வேலை பாக்கறவங்க இத பாத்தா சிரிப்பாங்க"ன்னாங்க. கரெக்ட் தான். இந்த மாதிரி போஸ்ட பாக்கறதுல பாதி பேர் ஏற்கெனவே நம்ம கஸ்டமர், அவங்க அந்த பழைய ஸ்கிரீன்ல தான் குடித்தனமே நடத்தறாங்க. நம்மளே செஞ்சு நம்மளே வித்த ஸ்கிரீன நம்மளே கேவலமா காட்டினா அவங்களுக்கு எப்படி இருக்கும்?

நாங்க வச்ச நாலு பில் இது. பிறந்தநாள் விருந்து, 40 பேர், தலைக்கு 9.50 வெள்ளி, 9 சதவீதம் ஜிஎஸ்டி சேத்து 414.20. ஆபீஸ் மதிய சாப்பாடு, 25 பேர், 12.80, மொத்தம் 348.80. நிச்சயதார்த்தம், 60 பேர், 11 வெள்ளி, 719.40. வீடு குடி போற விசேஷம், 15 பேர், 14 வெள்ளி, 228.90. பழைய ஸ்லைடுல நாலுமே பாக்கி, மேல மொத்தம் 1,711.30. புது ஸ்லைடுல பிறந்தநாளும் நிச்சயதார்த்தமும் தானா மூடியிருக்கும், மொத்தம் 577.70. கூட்டிப் பாருங்க, சரியா வரும். இத ஏன் இவ்ளோ மெனக்கெடறோம்னா பாக்கறவங்க கடைக்காரங்க, தொகைய பாத்ததும் மனசுக்குள்ள கூட்டிடுவாங்க, ஒரு வெள்ளி இடிச்சாலும் "கணக்கே சரியா போட தெரியாத ஆப்"னு ஆயிடும். கஸ்டமர் பேருக்கு பதிலா விசேஷம் பேர் போட்டதும் யோசிச்சு தான். நிஜ கடையோட அக்கவுன்ட்ல இருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து பேர மங்கலாக்கற பழக்கம் சில பேருக்கு இருக்கு, எப்பயாவது ஒரு போன் நம்பர் மங்காம தப்பிச்சு வெளிய போகும், தனிநபர் தரவுச் சட்டம் இருக்கற ஊர்ல அது சின்ன விஷயம் இல்ல. மாதிரி டேட்டா ஒரு தடவை செஞ்சு வச்சுகிட்டா எல்லா போஸ்டுக்கும் ஆகும்.

பழைய ஸ்கிரீன் எங்க இருந்து எடுக்கறது? புது வசதி ஏற்கெனவே கோடுல சேந்தாச்சு, யார் போன்லயும் பழசு இல்ல, போன வருஷம் யாரோ எடுத்த ஸ்கிரீன்ஷாட் இருக்கும், அதுல வேற டேட்டா, வேற போன், வேற எழுத்து சைஸ். எங்க டெவலப்பர் ஒவ்வொரு ரிலீஸுக்கும் டேக் போட்டு வைக்கறவர், அதனால ஒரே வரில பழைய கோட தனி ஃபோல்டர்ல எடுத்துக் குடுத்துட்டார்:

```
git worktree add ../pazhaya v3.8.0
```

இப்போ இருக்கற வேலைய கலைக்காம பக்கத்துல பழைய வெர்ஷன் இருக்கும், அதை பில்ட் பண்ணி அதே சிமுலேட்டர்ல ஓட விடலாம். ஒரு சிக்கல் மட்டும் உண்டு, டேட்டாபேஸ்ல புது நெடுவரிசை ஏதாவது சேத்திருந்தா பழைய ஆப் புது டேட்டாபேஸ்ல முரண்டு பிடிக்கும், அதனால மாதிரி டேட்டாவ ஏத்தற ஸ்கிரிப்ட பழைய ஃபோல்டர்லயும் தனியா ஓட்டி அதுக்குன்னு ஒரு காலி டேட்டாபேஸ் குடுக்கணும்.

இன்னொரு பொடி விஷயம், லிஸ்ட்ல "3 நாளா பாக்கி"ன்னு ஒரு வரி வரும், அது இன்னிக்கு தேதிய வச்சு கணக்கு பண்றது. பழசு திங்கக்கிழமை எடுத்து புதுசு வியாழக்கிழமை எடுத்தா ஒண்ணுல 3, இன்னொண்ணுல 6. தள்ளிப் பாக்கறவங்க கண்ணு முதல்ல அங்க தான் போகும். ஒரே நாள்ல ரெண்டையும் எடுக்கணும், இல்லன்னா சிமுலேட்டர் ஓடற மெஷின் தேதிய ரெண்டு தடவையும் ஒண்ணா வைக்கணும்.

எடுத்த படத்த டீமுக்குள்ள வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாதீங்க. அது அமுக்கி அனுப்பும், அதை எடுத்து டிசைன்ல வச்சு எக்ஸ்போர்ட் பண்ணா, போஸ்ட் போடற தளம் மறுபடி அமுக்கும். ரெண்டு அமுக்குலயும் முதல்ல அடி வாங்கறது வெள்ளை பின்னணில இருக்கற சிவப்பு எழுத்து. ஜேபெக்ல வெளிச்சத்த நுணுக்கமா வச்சுகிட்டு நிறத்தை மட்டும் கொஞ்சம் கரடுமுரடா சேமிக்கறது வழக்கம், அதனால மெல்லிசான சிவப்பு எழுத்து ஓரத்துல பிசுபிசுன்னு ஊறின மாதிரி ஆயிடும். எங்களுக்கு "பாக்கி" சிவப்புல தான் இருக்கு, முக்கியமான எழுத்தே அது. டாக்குமென்ட்டா அனுப்பி, 1179 பிக்சல் அகல ஒரிஜினல்ல இருந்து நேரா 1000க்கு ஒரே தடவையா சுருக்கி, பிஎன்ஜியா எக்ஸ்போர்ட் பண்ணோம். அப்படியும் கொஞ்சம் ஊறுச்சு, ஆனா படிக்க முடிஞ்சுது.

நாலாவது ஸ்லைடு பத்தி தான் டீம்ல நல்ல வாக்குவாதம். அதுல பில்லையும் கியூஆரையும் காட்டி, எப்போ தானா சேராதுன்னு எழுதணும்னேன். கஸ்டமர் கியூஆர ஸ்கேன் பண்ணாம கடையோட பதிவு எண்ணான யுஇஎன் நம்பர டைப் பண்ணி பில் நம்பர் போடாம காசு அனுப்பினா சேராது. ரெண்டு பில்லுக்கு சேத்து ஒரே தொகையா அனுப்பினாலும் சேராது. செக் குடுத்தா சொல்லவே வேண்டாம். எங்க பாஸுக்கு விளம்பரத்துல முடியாததை எழுதறது பிடிக்கல. அக்கா தான், "எழுதலன்னா அந்த மூணு கேள்வியும் எனக்கு தான் போன்ல வரும்"னு சொல்லி முடிச்சு வச்சாங்க. எழுதினோம், பெரிய எழுத்துலயே.

ஆனா அந்த ஸ்லைடுல இருந்த கியூஆர் தான் எனக்கு உண்மையிலயே வயித்த கலக்குச்சு. டெஸ்ட் அக்கவுன்ட்ல இருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட் தானேன்னு விட்டிருந்தா அவ்ளோ தான், அந்த கியூஆர் உள்ள எங்க கம்பெனியோட நிஜ யுஇஎன் இருந்துச்சு, தொகையோட. யாராவது சும்மா ஸ்கேன் பண்ணி பாத்து அமுக்கிட்டா நிஜ காசு எங்களுக்கு வந்துடும், அப்புறம் யார் எதுக்கு அனுப்பினாங்கன்னு தேடி திருப்பிக் குடுக்கணும். ஒரு கஸ்டமர் கடையோட கியூஆரா இருந்தா இன்னும் மோசம். நடுவுல நம்ம லோகோ ஒட்டி மறைச்சா போதும்னு நினைப்பாங்க, போதாது. கியூஆர்ல பிழை திருத்தம் இருக்கு, உயர்ந்த அளவுல செஞ்சதுன்னா சுமார் 30 சதவீதம் கெட்டாலும் படிச்சிடும். லேசா மங்கலாக்கினாலும் சில போன் படிச்சிடுது. கியூஆரையே மாத்தி, "மாதிரி"ன்னு வெறும் எழுத்து மட்டும் உள்ள இருக்கற ஒண்ண அதே சைஸ்ல வச்சோம். வெளிய போறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு வங்கி ஆப்ல ஸ்கேன் பண்ணி பாத்தோம், எதுலயும் பேநவ் பக்கம் தொறக்கல. பேநவ் கியூஆரா இருந்தா யாருக்கு போகுதுன்னு பேர் காட்டும், அதனால இந்த செக் ரொம்ப லேசு, ஒரு நிமிஷம் கூட ஆகாது.

அஞ்சாவது ஸ்லைடு எப்படி ஆன் பண்றதுன்னு. இங்கயும் ஒரு கியூஆர் வச்சு "ஸ்கேன் செய்யவும்"னு போடறாங்க, போன்ல பாத்துகிட்டு இருக்கறவர் தன் போனையே எப்படி ஸ்கேன் பண்ணுவார்னு யாரும் யோசிக்கறதில்ல. லிங்க் குடுக்கவும் எனக்கு மனசில்ல. மோசடி எஸ்எம்எஸ் பிரச்சனைக்கு அப்புறம் 2022ல இருந்து இங்க வங்கிகளே எஸ்எம்எஸ்ல அமுக்கற மாதிரி லிங்க் அனுப்பறத நிறுத்திட்டாங்க, காசு சம்பந்தமா லிங்க் வந்தா தொடாதேன்னு சனங்களுக்கு பழகிப்போச்சு. நல்ல பழக்கம், அதை நாம கெடுக்க வேண்டாம். ஆப்ல எங்க போகணும்னு மட்டும் எழுதினோம்: செட்டிங்ஸ், பணம், பேநவ் தானா சேர்க்க.

அப்புறம் எப்போ போடறதுங்கற கேள்வி. ஆப் ஸ்டோர்ல கொஞ்சம் கொஞ்சமா விடற முறை ஒண்ணு இருக்கு, தானா அப்டேட் ஆகறவங்களுக்கு 7 நாள்ல 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம்னு போகும். பணம் சம்பந்தப்பட்ட வசதின்னு நாங்க அப்படி தான் விட்டோம். முதல் நாளே கேரசல் போட்டா நூறுல ஒருத்தருக்கு தான் அது போன்ல இருக்கும், மத்த எல்லாரும் செட்டிங்ஸ்ல போய் தேடி காணோம்னு மெசேஜ் போடுவாங்க. பாஸுக்கு சீக்கிரம் போடணும்னு அவசரம், ஆனா ஏழாவது நாள் தாண்டி தான் போட்டோம். அஞ்சாவது ஸ்லைடு கீழ "உங்க போன்ல தெரியலன்னா ஆப் ஸ்டோர்ல போய் அப்டேட் பண்ணுங்க"ன்னு ஒரு வரி, ஏன்னா கையால அப்டேட் பண்ணா சதவீதத்துக்காக காத்திருக்க வேண்டாம், எப்பவுமே கிடைக்கும்.

முதல் ஸ்லைட கடைசியா தான் செஞ்சேன். "புதிய அப்டேட்"ங்கறது எங்களுக்கு தான் செய்தி, தேக்காவுல கடை வச்சிருக்கறவருக்கு அதனால என்ன? "வங்கி ஆப்ப தொறக்காமலே எந்த பில்லுக்கு காசு வந்துச்சுன்னு தெரியும்"னு எழுதி கீழ புது லிஸ்ட்ல இருந்து ஒரே ஒரு வரி, நிச்சயதார்த்தம் 719.40 வந்துருச்சு, பெருசா. தமிழ் எழுத்துக்கு மேலயும் கீழயும் இடம் அதிகம் வேணும், இங்கிலீஷுக்கு வச்ச வரி இடைவெளில அப்படியே மாத்தினா மேல் வரியோட "ழு"வும் கீழ் வரியோட "கி"யும் முட்டிக்கும், கொஞ்சம் தாராளமா விட்டோம். லிங்க்டுஇன்ல இதே அஞ்சும் ஒரு பிடிஎஃப்பா போகும். அங்க போட்டப்புறம் மேல எழுதின வாசகத்த திருத்தலாம், ஃபைல மாத்த முடியாது, அதனால பிடிஎஃப்ப அக்காவோட போன்ல தொறந்து கடைசி தடவை படிச்சுட்டு தான் ஏத்தினோம்.

கேரசல் போனப்புறம் நான் எதிர்பாக்காத ஒண்ணு நடந்துச்சு. எங்க கஸ்டமர்ல பாதி பேர் இன்ஸ்டாகிராம்ல பாக்கல, யாரோ வாட்ஸ்அப் குரூப்ல போட்டத தான் பாத்தாங்க. அங்க தள்ளிப் பாக்கறதெல்லாம் இல்ல, அஞ்சு படமும் கட்டமா வந்து விழும், சில பேர் ஒரே ஒரு படத்த மட்டும் ஃபார்வர்டு பண்ணுவாங்க. நல்ல வேளை ரெண்டாவது ஸ்லைடு மூலையில "முன்னாடி"ன்னும் மூணாவதுல "இப்போ"ன்னும் தடிப்பா போட்டிருந்தோம். தள்ளும்போது தானா புரியுதே, எதுக்கு இந்த லேபிள்னு தம்பி எடுக்கச் சொன்னது, சோம்பேறித்தனத்துல எடுக்காம விட்டது. அது இல்லன்னா பழைய ஸ்கிரீன புது வசதின்னு நினைச்சு ஒரு குரூப்பே குழம்பியிருக்கும்.

அக்காவுக்கு போன் வராமலும் இல்ல. நாலாவது ஸ்லைடுல எழுதியிருந்த மூணு கேஸ்ல, ரெண்டு பில்லுக்கு சேத்து ஒரே தொகை அனுப்பற கேஸ் தான் அதிகம் வந்துச்சு, விசேஷ வீட்டுக்காரங்க முன்பணத்தையும் மீதியையும் சேத்து ஒரேயடியா அனுப்பிடறாங்களாம். கேள்வி கேட்டவங்களுக்கு அக்கா அந்த நாலாவது ஸ்லைடையே அனுப்பி, பில்ல தொறந்து கையால சேர்க்கறது எப்படின்னு ஒரு வரி எழுதிடறாங்க. ஒரே தொகைய ரெண்டு பில்லுக்கு பிரிக்கற வேலைய டெவலப்பர் இப்போ எடுத்திருக்கார். அதுக்கு பழைய ஸ்கிரீன இந்த தடவை கோடு சேர்றதுக்கு முன்னாடியே எடுத்து ஃபோல்டர்ல போட்டாச்சு, அதே நாலு பில், அதே தேதி.